பிட்ச் அனுப்பி 23 நாள், பதில் இல்லை. அதே யோசனையை வேறு இடத்துக்கு அனுப்பலாமா?

சுண்டெலி:
ஒரு மாத இதழுக்குக் கட்டுரை யோசனை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பி இன்றோடு 23 நாள் ஆகிறது. நான்காவது நாளே "பார்த்தீர்களா?" என்று ஒரு வரி கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. இனி அதை ஒரு செய்தித் தளத்துக்கு அனுப்பலாமா, இன்னும் காத்திருக்க வேண்டுமா? அனுப்பியது இதுதான்:

"வணக்கம். நான் சுயாதீன எழுத்தாளர். முதியவர்களும் காது கேட்கும் கருவிகளும் என்ற தலைப்பில் எழுத விரும்புகிறேன். பலரும் கவனிக்காத முக்கியமான பிரச்சினை இது. விருப்பமிருந்தால் 1,500 சொற்களில் தருகிறேன்."

ஒற்றைவரி:
ஒரு நாளில் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். நான் எப்போதும் ஒரே நேரத்தில் பத்து இடத்துக்கு அனுப்புவேன். எவர் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு.

கடல்நண்டு:
என் சிறுகதையை எட்டு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். 23 நாளெல்லாம் ஒன்றுமே இல்லை!

சிவப்புமை:
கடல்நண்டு, அவர் கேட்பது இன்னும் எழுதாத கட்டுரையைப் பற்றி. முழுக்கதையை அனுப்பிக் காத்திருப்பது வேறு விஷயம்.

நான் ஒரு இதழில் சில வருடம் பகுதி ஆசிரியராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒற்றைவரி சொல்லும் ஒரு நாள் கணக்கு, அன்றைய செய்தியை ஒட்டிய கருத்துக் கட்டுரைக்குப் பொருந்தும். நாளைக்கு அது பழசாகிவிடும், ஆகவே "இன்று மாலைக்குள் பதில் தெரிந்தால் நல்லது" என்று பிட்ச்சிலேயே சொல்லிவிடலாம். அச்சு இதழ் அப்படியில்லை. அங்கே மூன்று, நான்கு மாதம் தள்ளி வரும் இதழுக்கு இப்போது வேலை நடக்கும். ஆகவே இரண்டு வாரம் விட்டு ஒருமுறை நினைவூட்டுங்கள், அதன்பிறகு ஒரு வாரம் பாருங்கள். நான்காவது நாள் கேட்டது அவசரம். ஆனாலும் அதனால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பத்து இடத்துக்கு ஒரே சமயம் அனுப்பி இரண்டு பேர் சரி என்றால், ஒருவரிடம் பின்வாங்க வேண்டும். அந்த ஆசிரியர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

இப்போது இப்படி ஒரு கடைசி மடல் போடுங்கள்: "சென்ற மாதம் அனுப்பிய யோசனை இது. வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு ஆர்வம் இருப்பதாகத் தெரியாவிட்டால் வேறு இடத்தில் கேட்கலாம் என்றிருக்கிறேன்." பழைய மடலுக்கே பதிலாக அனுப்புங்கள், அவர் தேட வேண்டியதில்லை. வெள்ளி கழிந்தால் யோசனை உங்களுடையது.

ஆனால் உண்மையான சிக்கல் காத்திருப்பதில் இல்லை. நீங்கள் அனுப்பியது ஒரு தலைப்பு, கட்டுரை அல்ல. அதைப் படிக்கும் ஆசிரியருக்கு யாரைப் பார்க்கப் போகிறீர்கள், என்ன தெரியவந்தது, ஏன் இப்போது, ஏன் நீங்கள் என்று ஒன்றுமே தெரியாது. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?

சுண்டெலி:
என் பெரியம்மா வாங்கிய கருவி மேஜை இழுப்பறைக்குள் கிடக்கிறது. விசாரித்தபோது தெரிந்த இன்னும் இரண்டு வீட்டிலும் அதே கதை. பொருத்தித் தந்த செவித்திறன் நிபுணர் ஒருவரிடம் பேசினேன். பொருத்திய பிறகு சில முறை வந்து ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டும், பலர் வருவதே இல்லை, இரைச்சல் தாங்காமல் கழற்றிவிடுகிறார்கள் என்றார்.

சிவப்புமை:
பாருங்கள், இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே "முக்கியமான பிரச்சினை" என்று எழுதியிருக்கிறீர்கள்! மேஜை இழுப்பறையிலிருந்து தொடங்குங்கள்.

சுண்டெலி (ஒன்பது நாள் கழித்து):
இதழிலிருந்து வெள்ளி வரை பதில் இல்லை. திங்களன்று செய்தித் தளத்தின் நலவாழ்வுப் பகுதி ஆசிரியருக்கு நேரடியாக அனுப்பினேன். பொருள் வரி: "பிட்ச்: வாங்கிய காதுக் கருவி ஏன் மேஜைக்குள் போகிறது". உள்ளே:

"என் பெரியம்மா ஆசையாக வாங்கிய கருவியை மூன்றாம் மாதம் கழற்றி வைத்தார். நான் பேசிய மூன்று வீடுகளில் இரண்டில், பொருத்தியபின் அளவு சரிசெய்ய யாருமே திரும்பப் போகவில்லை. கருவி கெட்டதால் அல்ல, அந்த அடுத்த சந்திப்புகள் நடக்காததால் அது மேஜைக்குள் போகிறது என்கிறார் ஒரு செவித்திறன் நிபுணர். மூன்று குடும்பம், அந்த நிபுணர், கருவி விற்கும் ஒருவர் ஆகியோரைப் பேசவைத்து 1,200 சொற்களில் எழுதுவேன். மூன்று வாரத்தில் தர முடியும்."

கூடவே முன்பு எழுதிய இரண்டு கட்டுரைகளின் இணைப்பு. இரண்டே நாளில் பதில்: "பிடித்திருக்கிறது. கமிஷன் செய்கிறோம். உங்கள் ரேட் என்ன?" என்ன சொல்வது என்று கை உதறுகிறது.

கடல்நண்டு:
கமிஷனா? எழுதுவதற்கும் இடைத்தரகர் பங்கு கொடுக்க வேண்டுமா?

சிவப்புமை:
இல்லைங்க, கட்டுரையை எழுதச் சொல்லி உறுதி கொடுப்பதைத்தான் கமிஷன் என்கிறார்கள். "எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்" என்றால் அது ஆன் ஸ்பெக். அதில் பிடிக்காவிட்டால் ஒன்றும் தரமாட்டார்கள். சுண்டெலிக்கு வந்தது நல்ல பதில்.

ரேட்டை முதலில் நீங்கள் சொல்லாதீர்கள். "1,200 சொற்களுக்கு, மூன்று நான்கு நேர்காணலோடு, வழக்கமாக என்ன தருகிறீர்கள்?" என்று கேளுங்கள். வரும் தொகையை உங்கள் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். பேட்டி, அதை எழுத்தாக்குவது, எழுதுவது, இரண்டு முறை திருத்துவது என்று போட்டால் 25 மணிநேரம் எளிதாகப் போகும். சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இந்த உழைப்பு தெரியாது.

ஒற்றைவரி:
எப்போதும் இரண்டு மடங்கு கேட்க வேண்டும். அவர்களே பாதிக்கு இறங்குவார்கள்.

சிவப்புமை:
சந்தையில் காய் வாங்குவது போலவா? ஆசிரியர் கையில் ஒரு பட்ஜெட் இருக்கும், அதற்குள் கொஞ்சம் அசைவார். மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் கேட்பது வரைக்கும் சரி, காரணம் சொல்லிக் கேளுங்கள். பணம் அசையாவிட்டால் நிபந்தனைகளை அசையுங்கள். வெளியிடாமல் கைவிட்டால் கில் ஃபீ எவ்வளவு, பணம் ஏற்றுக்கொண்டபோதா வெளியானபோதா, உரிமை முதல் வெளியீட்டுக்கு மட்டுமா முழுவதுமா என்று கேட்டு மடலில் எழுதி வாங்குங்கள்.

கடல்நண்டு:
அந்த இரண்டாவதில்தான் நான் மாட்டினேன். வெளியானபோது பணம் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதமாக வெளியிடவே இல்லை. கேட்டால் "வரிசையில் இருக்கிறது" என்கிறார்கள்.

சுண்டெலி:
தொகை கூட்டவில்லை. ஆனால் கால் பங்கு கில் ஃபீ, ஏற்றுக்கொண்ட 30 நாளில் பணம் என்று எழுதித் தந்துவிட்டார்கள். சரி என்றேன்.

இன்று காலை அந்த மாத இதழிலிருந்து மடல்! "தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த யோசனையில் எங்களுக்கு ஆர்வம் இருக்கிறது." தொகையும் சொல்லியிருக்கிறார்கள், தளம் தருவதைவிட இரண்டு மடங்கு.

ஒற்றைவரி:
தளத்துக்கு இன்னும் எழுதித் தரவில்லையே? உடனே மாறுங்கள்.

சிவப்புமை:
மாறாதீர்கள். உறுதி சொல்லியாயிற்று. இதழுக்கு "இது வேறிடம் போய்விட்டது, ஆனால் இதே களத்தில் இன்னொன்று இருக்கிறது" என்று எழுதுங்கள். விற்பவர் பக்கத்துக் கதை தனிக் கட்டுரையாகவே தாங்கும் என்று தோன்றுகிறது.

சுண்டெலி:
விற்பவரைத் தளத்துக்கான 1,200 சொற்களில் பேசவைப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறேனே. அவரை இரண்டிலும் பயன்படுத்தினால் தளத்து ஆசிரியர் என்ன சொல்வார்?

கடல்நண்டு:
அதை அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்புறம் என்னைப்போல மாட்டிக்கொள்ளாதீர்கள்.