'இம்ப்ளிகேச்சர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். மொழியியல் அறிமுகப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். "படத்துக்கு வருகிறாயா?" என்று ஒருத்தி கேட்கிறாள். "நாளைக்குப் பரீட்சை" என்கிறாள் தோழி. வரவில்லை என்று அவள் சொல்லவே இல்லை, ஆனாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. சொல்லாமல் உணர்த்திய அந்தப் பகுதிக்குப் பெயர் வேண்டும். இப்போதைக்கு 'உட்பொருள்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ரஹீம்:
மென்பொருள் தமிழாக்கத்தில் இதற்கு 'உள்ளார்ந்த' என்று போடுகிறோம். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வரும் மதிப்பு. அதையே வைத்துக்கொள்ளலாமே.

செல்வி:
அது வேறு, ரஹீம். இங்கே மதிப்பு தானாக வந்து நிற்பதில்லை. பேசுபவர் உணர்த்த நினைக்கிறார், கேட்பவர் ஊகித்து எடுக்கிறார்.

முத்தையா:
நமக்கு இது புதிதல்ல, அம்மா. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. "ஆடுவாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல், "பாடுவேன்" என்பது இனமொழி. நேராகப் பதில் சொல்லாத ஐந்து வகைகளையும் பவணந்தியார் விடையாகவே ஏற்றுக்கொள்கிறார். அவர் விடைக்கு வைத்த சொல் 'இறை'. கடன் இறுத்தல், வரி இறுத்தல் என்கிறோம். விடை இறுத்தலும் அப்படித்தான். கேள்வி கேட்டவருக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கிறோம். ஆகவே 'இறைக்குறிப்பு' என்று வைப்பதே பொருத்தம்.

குமார்:
ஐயா, 'இறை' என்றால் மாணவன் கடவுளைத்தான் நினைப்பான். சொல் தூய்மையாக இருந்து என்ன பயன்? என் வாக்கு 'எச்சப்பொருள்'. "அவனும் வந்தான்" என்றால் வேறு யாரோ வந்ததும் சேர்ந்து வருகிறதே. அதை எச்சவும்மை என்று முன்பே பெயரிட்டிருக்கிறார்கள். இதுவும் சொல்லாமல் விட்டதுதான்.

மேரி:
குமார் பாதி தூரம் சரியாக வந்திருக்கிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தத்துவவாதி பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில்தான் 'இம்ப்ளிகேச்சர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். தர்க்கத்தில் தவிர்க்க முடியாமல் பின்தொடரும் முடிவிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே புதுச்சொல் தேவைப்பட்டது. பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. உணர்த்தியதைப் பேசுபவரே திரும்ப வாங்கிக்கொண்டால் முரண்பாடு வருகிறதா என்று பாருங்கள்.

"நாளைக்குப் பரீட்சை, இருந்தாலும் வருகிறேன்." எந்த முரணும் இல்லை.

"சில மாணவர்கள் தேறினார்கள்" என்றால் எல்லாரும் தேறவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லாரும் தேறியிருந்தால் அதைச் சொல்லியிருப்பாரே என்ற எதிர்பார்ப்புதான் காரணம். ஆனால் "சிலர், ஏன், எல்லாருமே தேறிவிட்டார்கள்" என்றும் சொல்லலாம்.

"பாம்பைக் கொன்றுவிட்டான், ஆனால் பாம்பு சாகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். உடைகிறது. சாவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இப்போது உம்முக்கு வாருங்கள். "அவனும் வந்தான், வேறு யாரும் வரவில்லை" என்றால் காதில் இடறுகிறது. அந்தப் பொருளை உம் உருபே சுமக்கிறது. பரீட்சை வாக்கியத்தில் எந்தச் சொல்லும் மறுப்பைச் சுமக்கவில்லை. அதே "நாளைக்குப் பரீட்சை", "ஏன் இன்னும் தூங்கவில்லை?" என்பதற்குப் பதிலாக வந்தால் முற்றிலும் வேறு பொருள். அதனால்தான் 'உட்பொருள்' எனக்கு ஒப்பவில்லை. அது சொல்லுக்குள்ளேயே பொருள் கிடப்பதாகக் காட்டுகிறது.

முத்தையா ஐயாவுக்கும் ஒன்று. 'சிலர்' வாக்கியத்துக்கு முன்னால் யாரும் கேள்வியே கேட்கவில்லை. விடை வகைக்குள் அதை எப்படி அடக்குவீர்கள்?

முத்தையா:
நல்ல கேள்வி. விடை வகைக்குள் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொல்காப்பியம் பொருள் நிலையையே இரண்டாக்கி, வெளிப்படத் தோன்றுவது, குறிப்பில் தோன்றுவது என்கிறது. அப்படியானால் 'குறிப்பு' என்ற பகுதி நிற்கட்டும்.

ரஹீம்:
'தொனி' ஏன் கூடாது? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

மேரி:
இன்று 'தொனி' என்றால் குரலின் ஏற்ற இறக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். குரலே இல்லாத கடிதத்திலும் இது நடக்கும். கிரைஸ் தந்த எடுத்துக்காட்டே அப்படித்தான். தத்துவப் பணிக்கு விண்ணப்பித்த மாணவருக்கு ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், மொழித் திறமை நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் இருக்கிறது. தத்துவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

குமார்:
'குறிப்பு' என்றால் நோட்ஸ் என்றுதான் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் "குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தினமும் சொல்கிறோமே.

செல்வி:
தனியாக நின்றால் அந்தக் குழப்பம் வரும். 'குறிப்புப்பொருள்' என்று சேர்த்தால் வராது என்று நினைக்கிறேன். "குறிப்பால் உணர்த்தினாள்" என்று வினையாக்கவும் எளிது. 'உட்பொருள்' போட்ட இடங்களை இன்றிரவே மாற்றுகிறேன். அப்புறம், உம் போல உருபு சுமக்கும் பொருளுக்குத் தனிச்சொல் வேண்டும், அது ஆறாம் பாடத்தில் வருகிறது.

குமார்:
அதற்காவது 'எச்சப்பொருள்' கொடுங்கள்.

மேரி:
எச்சவும்மைக்குச் சரி. "ஏழைதான், ஆனால் நேர்மையானவர்" என்பதில் 'ஆனால்' சுமக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

முத்தையா:
பெரும்பான்மை 'குறிப்புப்பொருள்' என்றால் இருக்கட்டும். பதிலாக வரும் வகைக்கு மட்டுமாவது 'இறைக்குறிப்பு' என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள் அம்மா. நான் அதை விடுவதாக இல்லை.