அகமையமா, அகமொழியா? தொகைச்சொல்லின் தலையைச் சுட்ட ஒரு கலைச்சொல்

பொன்னி:

அனைவருக்கும் வணக்கம். மொழியியல் கலைச்சொல் பட்டியலில் 'தொகை' என்ற பகுதிக்கு வந்திருக்கிறோம். எண்டோசென்ட்ரிக், எக்ஸோசென்ட்ரிக் என்ற இணைக்குச் சொல் வேண்டும். ப்ளூம்ஃபீல்டு 1933-இல் எழுதிய நூலின் வழியாகப் பரவிய சொற்கள் இவை. 'மண்பானை' ஒரு பானைதான்; தொகை எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யும் சொல், அதாவது அதன் தலை, தொகைக்குள்ளேயே இருக்கிறது. 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது வந்தது தொடி அல்ல, அதை அணிந்தவள். தலை வெளியே இருக்கிறது.

அகமையம், புறமையம் என்ற சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. எனக்கு அவற்றில் நிறைவில்லை. மண்பானையில் பானை கடைசியில் நிற்கிறது, நடுவில் இல்லை. 'மையம்' என்று படிக்கும் மாணவர் எதைத் தேடுவார்?

இன்னொன்றும் வேண்டும். பட்டியலைத் தொகுப்பவர்கள் பலர். ஒரே சொல்லை ஒருவர் 'அக' என்றும் மற்றவர் 'புற' என்றும் குறித்துவிடக் கூடாது. எதை வைத்துச் சோதிப்பது என்றும் சொல்லுங்கள்.

செந்தில்:

புதுச்சொல்லே தேவையில்லை அம்மா. அன்மொழித்தொகை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். சோதனையும் எளிது. கடைசிச் சொல்லை எடுத்து 'இது ஒரு வகை இன்னதா?' என்று கேளுங்கள். மண்பானை ஒரு வகைப் பானையா? ஆம். நாற்காலி ஒரு வகைக் காலா? இல்லை. ஊறுகாய் ஒரு வகைக் காயா? மீன் ஊறுகாய் கடையில் விற்கிறதே, அதில் காய் ஏது? கயல்விழி ஒரு வகை விழியா? இல்லை. ஆக மூன்றும் அன்மொழித்தொகை.

மரியநாயகம்:

தம்பி செந்தில் கேட்ட கேள்வி சரியான கேள்வி. முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் 'இல்லை' என்ற விடை வந்தவுடன் புறத்தலை என்று எழுதிவிட முடியாது. அவர் தந்த மூன்று சொல்லும் மூன்று விதமானவை.

கயல்விழியை முதலில் எடுப்போம். தமிழில் இதற்கு வலுவான சோதனை வினைமுற்றின் ஈறு. விழி அஃறிணை. 'கயல்விழி சிவந்தது' என்றால் கண் சிவந்தது, தலை உள்ளே. 'கயல்விழி சிரித்தாள்' என்றால் பெண் சிரித்தாள். விழி என்ற சொல் '-ஆள்' ஈற்றை வாங்காது. அந்த ஈறு வெளியே நிற்கும் ஒருத்தியிடமிருந்து வருகிறது. எழுத்தில் ஒரே தொகை, வினை அதை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. வேதகால வடமொழியில் இதே வேலையைச் சொல்லழுத்தம் செய்தது. 'ராஜபுத்ர' என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் அரசனின் மகன், முதல் அசையில் விழுந்தால் அரசர்களை மகன்களாகப் பெற்றவன்.

ஒரு எச்சரிக்கை. இயற்பெயரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தாமரை என்று பெயர் வைத்த பெண்ணும் 'வந்தாள்' என்றுதான் வருவாள். அதனால் தாமரை தொகை ஆகிவிடாது. கயல்விழியும் இன்று பெரும்பாலும் இயற்பெயர். பெயராக உறையாத சொல் வேண்டும். பேச்சில் 'அரைவேக்காடு' இருக்கிறது. 'சோறு அரைவேக்காடு' என்றால் வேக்காட்டைச் சொல்கிறோம். 'அந்த அரைவேக்காடு என்ன சொன்னான்?' என்றால் ஆளைச் சொல்கிறோம். இங்கும் ஒரு கண்ணி உண்டு. இகழ்ச்சியாகப் பேசும்போது 'அந்த அரைவேக்காடு என்ன சொல்லுது?' என்று அஃறிணையாகவும் சொல்வார்கள். அங்கே 'அது' ஈறு ஏளனத்தால் வந்தது, வேக்காட்டால் வரவில்லை. ஆகவே '-ஆன், -ஆள், -ஆர்' வந்தால் புறத்தலை உறுதி. '-அது' வந்தால் அகத்தலை என்பது உறுதியில்லை.

நாற்காலியில் '-இ' என்ற விகுதி இருக்கிறது. அதை நீக்கினால் 'நாற்கால்', அதாவது நான்கு கால்; அது வெறும் அகத்தலைத் தொகை. 'உடையது' என்ற பொருளை விகுதிதான் கொண்டுவருகிறது. பொற்றொடியில் அப்படி எந்த அடையாளமும் ஒட்டவில்லை. அடையாளம் இல்லாமலே பொருள் வெளியே போவதுதான் அன்மொழி. ஆகவே நாற்காலியை விகுதி பெற்ற ஆக்கச்சொல் என்று தனியே குறிக்கச் சொல்வேன்.

ஊறுகாய் வேறு கதை. எலுமிச்சை ஊறுகாயில் ஊறுவது காய்தான். தொகை உருவானபோது தலை உள்ளே இருந்தது. பிறகு பூண்டுக்கும் மீனுக்கும் அந்தப் பெயர் விரிந்தது. தலை வெளியேறவில்லை, அதன் பொருள் தேய்ந்துவிட்டது.

ரஹ்மத்:

நல்ல நேரத்தில் பேச்சு எடுத்தீர்கள். பள்ளி உயிரியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நட்சத்திரமீன், சொறிமீன் எதுவுமே மீன் இல்லை, முதுகெலும்பில்லாத உயிர்கள். கடற்குதிரையோ உண்மையிலேயே மீன், பெயரில் குதிரை. உங்கள் கணக்குப்படி இவை எல்லாம் புறத்தலை என்றால், பிழையான பெயர்கள் என்றுதானே பொருள்? பட்டியலில் இவற்றுக்கு மாற்றுப்பெயர் தருவீர்களா?

மரியநாயகம்:

ரஹ்மத் ஐயா, பெயர் அறிவியலுக்குப் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. மாற்றுப்பெயர் உயிரியல் பட்டியலில் பேச வேண்டியது. இங்கே தலை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டுகள் மிகவும் பயன்படும், ஏனென்றால் 'ஒரு வகை' சோதனை தவறாக வழிகாட்டும் இடமே இதுதான்.

அந்தச் சோதனை தோற்றால் இரண்டாவதாக ஒன்று செய்யுங்கள்: தொகையை விரித்து 'உடைய' சேர்த்துப் பாருங்கள். பொற்றொடி: பொன்தொடியை உடையவள். பொருந்துகிறது. கடற்குதிரை: கடல்குதிரையை உடையது? பொருந்தவில்லை. 'கடலில் வாழும், குதிரை போன்ற ஒன்று' என்றுதான் விரியும். குதிரை என்ற சொல்லே உவமையாகப் பொருள் மாறி நிற்கிறது. மாறியபின்னும் தலை அதுதான். நட்சத்திரமீனும் அப்படியே. மீனவருக்குக் கடலில் கிடைப்பது மீன். அவர் வாயில் அந்தச் சோதனை தோற்கவே தோற்காது. 'ஒரு வகை' என்ற விடை கேட்பவரின் வகைப்பாட்டைப் பொறுத்தது என்பது அந்தச் சோதனையின் எல்லை.

'உடைய' எல்லாவற்றையும் பிடிக்காது. யானைக்காலைப் பாருங்கள். நோயின் பெயராக வரும்போது 'யானைக்கால் அவரை வாட்டியது' என்கிறோம். காலும் அஃறிணை, நோயும் அஃறிணை, வினையீறு உதவாது. 'யானைக்காலை உடைய நோய்' என்பதும் ஒட்டவில்லை, காலை உடையவர் நோயாளிதானே. இப்போது தலைச்சொல்லையே வாக்கியத்துக்குள் இன்னொரு முறை கொண்டுவாருங்கள். 'அவருக்கு இரண்டு காலிலும் யானைக்கால்' என்று இயல்பாகச் சொல்கிறோம். யானைக்கால் ஒரு காலாக இருந்தால் காலில் கால் எப்படி இருக்கும்? தலை வெளியே போய்விட்டது என்று அந்த வாக்கியமே காட்டுகிறது. 'அவருக்கு இரண்டு பானையிலும் மண்பானை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். தொகையின் பொருள் சிறந்து நிற்கும் நான்கு இடத்தையும் நன்னூல் பெயரிட்டே வைத்திருக்கிறது: 'முன்மொழி பின்மொழி பன்மொழி புறமொழி எனுநான் கிடத்துஞ் சிறக்குந் தொகைப்பொருள்'. எக்ஸோசென்ட்ரிக் என்பதற்குப் 'புறமொழித்தொகை' என்றே வைக்கலாம். அதற்கு இணையாக 'அகமொழித்தொகை' என்பதை நாம் ஆக்கிக்கொள்ளலாம். முன்மொழி, பின்மொழி, பன்மொழி மூன்றையும் அது அடக்கும்.

ஆனால் முன்மொழி, பின்மொழி என்பவற்றைத் தலை எந்தப் பக்கம் என்று காட்ட அப்படியே எடுக்க வேண்டாம். புணரியலில் 'உயிர்முன் கசதப மிகும்' என்றால் உயிருக்கு அடுத்து வரும் கசதப. 'முன்' அங்கே பின்னால் வருவதைக் குறிக்கிறது. இன்றைய மாணவர் அதை நேர் எதிராகப் படிப்பார். 'முதலுறுப்பு, ஈற்றுறுப்பு' என்றால் குழப்பமில்லை.

செந்தில்:

ஐயா, நாற்காலியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்மொழியை விட்டுவிட மனமில்லை. தொல்காப்பியத்தில் அந்த நான்கில் ஒன்றே 'அம்மொழி நிலையாது அன்மொழி நிலையல்' என்றுதான் வருகிறது. நன்னூலார் புறமொழி என்றதைத் தொல்காப்பியர் அன்மொழி என்றே சொல்லியிருக்கிறார். பழைய சொல் இருக்கும்போது ஏன் விலக வேண்டும்?

மரியநாயகம்:

தம்பி காட்டிய இடம் சரி, அதை நான் மறுக்க முடியாது. என் தயக்கம் வேறு. அதே தொல்காப்பியத்தில் வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை என்ற வரிசையில் ஆறாவதாகவும் அன்மொழித்தொகை வருகிறது. அந்த வரிசை எது தொக்கது என்று பார்க்கிறது. நால்வகை வரிசை பொருள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. பொற்றொடியில் 'பொன்னாலாகிய தொடி' என்ற வேற்றுமைத்தொகை முதலில் இருக்கிறது, அதன்மேல் அன்மொழி ஏறுகிறது. ஒரே சொல் இரண்டு வரிசையிலும் நின்றால், 'பொற்றொடி வேற்றுமைத்தொகையா, அன்மொழித்தொகையா?' என்ற தேவையற்ற கேள்வி வரும். புறமொழி என்றால் அது இரண்டாவது வரிசைக்கு மட்டும் உரியதாக இருக்கும். யானைக்கால் போன்றவற்றை ஆகுபெயர் என்பார்களா, அன்மொழி என்பார்களா என்பதில் உரையாசிரியர்களே உடன்படமாட்டார்கள். புறமொழி என்பது அந்த வழக்கில் சிக்காது.

பொன்னி:

நன்றி ஐயா, தம்பி. இப்போதைக்கு அகமொழித்தொகை, புறமொழித்தொகை என்று பதிகிறேன். புறமொழியின் கீழ் 'அன்மொழித்தொகையையும் பார்க்க' என்று ஒரு வரி சேர்க்கிறேன். செந்தில் அன்மொழியே முதலில் வர வேண்டும் என்றால் அடுத்த சுற்றில் வாக்கெடுப்போம்.

தொகுப்பவர்களுக்கான வரிசை: முதலில் 'ஒரு வகை'. அது தோற்றால் விகுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வினையீறு, பிறகு 'உடைய', கடைசியாகக் 'காலில் யானைக்கால்' வாக்கியம். 'கபிலபரணர் வந்தனர்' போல இரண்டு உறுப்பும் தலையாக நிற்பவை அகமொழிக்குள் 'இருதலை' என்ற குறிப்போடு போகும்.

தலை என்பதற்கு இன்னும் சொல் முடியவில்லை. 'தலைச்சொல்' என்று வைத்தால் அகராதிப் பதிவின் தலைச்சொல்லோடு மோதுகிறது. 'தலையுறுப்பு' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் என்னால் எந்தப் பெட்டியிலும் போட முடியவில்லை. 'மலரடி' தெளிவு, அது அடிதான். 'அடிமலர்'? 'ஒரு வகை மலரா?' என்றால் இல்லை. விகுதி இல்லை. 'அடிமலர் நொந்தது' என்றால் வினையீறு எதுவும் சொல்லவில்லை. 'உடைய' பொருந்தவில்லை. நொந்தது அடி, அது தொகைக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் முதலுறுப்பாக. கடற்குதிரையைப் போல மலரே பொருள் மாறிய தலையா, அல்லது தமிழில் முதலுறுப்பே தலையாகும் தொகை இதுவா? மரியநாயகம் ஐயா, உங்கள் கருத்து வரும் வரை அந்தப் பதிவைக் காலியாக வைத்திருக்கிறேன்.