காலாவதி மருந்துக்கு வந்த கிரெடிட் நோட்டில் சரியாக ஆயிரம் ரூபா குறைகிறது, எங்கே போனது?

மருந்துப்பெட்டி

வெள்ளவத்தையில் மாமாவின் பார்மசியில் கணக்கு வழக்கை நான்தான் பார்க்கிறேன். ஒரு பிரஷர் குளிசை, 4 பெட்டி திகதி முடிந்துபோய்க் கிடந்தது. ரெப் வந்து ரிட்டர்ன் நோட் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து எடுத்துப்போனார். பெட்டி ஒன்றும் உடைக்காதது, கார்ட் எதுவும் வெட்டவில்லை.

வாங்கிய விலை பெட்டி 1,200 ரூபா. நான்குக்கும் 4,800. ஹேண்ட்லிங் சார்ஜ் 10 வீதம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்கு 480 கழித்தால் 4,320 வரவேண்டும். வந்த கிரெடிட் நோட்டில் இருப்பது 3,320. கணக்கு விவரம் ஒன்றும் இல்லை. ஒரே வரியில் மருந்தின் பெயர், பட்ச் நம்பர், அளவு 4, அப்புறம் தொகை. அடியில் ‘10 வீத ஹேண்ட்லிங் கழித்தது’ என்று மட்டும் இருக்கிறது. ரெப்பைக் கேட்டால் "சிஸ்டம் போட்டது அக்கா, எனக்குத் தெரியாது" என்கிறார்.

இந்தக் கிழமை அவர்களுக்குச் செக் எழுத வேண்டும். 4,320ஐக் கழித்து எழுதலாமா, 3,320ஐக் கழிப்பதா?

கொட்டாஞ்சேனைக் கடை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 4க்குப் பதில் 3 அடித்திருக்கிறார்கள். டைப்பிங் பிழை. மற்ற இலக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதே, 320 அப்படியே வருகிறது. நீங்கள் 4,320ஐ வெட்டிக்கொண்டு செக்கைக் கொடுங்கள், அவர்களே ஓடி வருவார்கள். காசு நம் கையில் இருக்கும்வரைதான் நமக்கு மரியாதை.

பம்பலப்பிட்டி_12

எனக்கும் இதே பிரச்சினை. அம்மாவுக்கு வாங்கிய குளிசையை டொக்டர் மாற்றிவிட்டார், ஒன்றரை கார்ட் மிச்சம். திகதி இன்னும் இருக்கிறது. பார்மசியில் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார்கள். 10 வீதம் கழித்துக்கொண்டாவது தரலாமே?

மருந்துப்பெட்டி

இது கடைக்கும் ஏஜென்டுக்கும் இடையிலான கணக்கு. வீட்டுக்குப் போன மருந்தை நாங்களும் எடுப்பதில்லை. எந்தச் சூட்டில், எங்கே வைத்திருந்தது என்று தெரியாத குளிசையை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

பழைய ரெப்

தங்கச்சி, செக்கில் கைவைக்க முதல் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த 4 பெட்டியும் வந்த இன்வொய்ஸை எடுங்கள். கிரெடிட் நோட்டில் இருக்கும் பட்ச் நம்பரும் அந்த இன்வொய்ஸில் இருக்கும் பட்ச் நம்பரும் ஒன்றா? ஒன்றென்றால், அதில் போனஸ் இருந்ததா, டிஸ்கவுண்ட் இருந்ததா? இது தெரியாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. டைப்பிங் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. கிரெடிட் நோட்டைக் கையால் அடிக்கிற காலம் போய்விட்டது.

மருந்துப்பெட்டி

எடுத்துப் பார்த்தேன் அண்ணை. பட்ச் ஒன்றுதான். முதல் வரியில் 10 பெட்டி, 1,200 வீதம் 12,000. அடுத்த வரியில் அதே குளிசை 2 பெட்டி, விலை பூச்சியம். கீழே 5 வீத டிஸ்கவுண்ட் 600 கழித்து 11,400. எங்கள் ஸ்டொக் புத்தகத்தில் 12 பெட்டியும் 1,200 என்றுதான் ஏறியிருக்கிறது.

பழைய ரெப்

அப்படியானால் கணக்கு கிடைத்துவிட்டது. நீங்கள் கொடுத்த காசு 11,400, கைக்கு வந்தது 12 பெட்டி. வகுத்தால் ஒரு பெட்டி 950. திருப்பிய நான்குக்கு 3,800.

இதிலிருந்து 10 வீதம் கழித்தால் 380 போய் 3,420 வரவேண்டும். உங்களுக்கு வந்தது 3,320. இன்னும் 100 ரூபா இடிக்கிறது, இல்லையா? இப்போது பின்னுக்கிருந்து பாருங்கள். 3,320உடன் 480ஐக் கூட்டினால் 3,800. அதாவது பெட்டிக்கு மதிப்புப் போட்டது 950இல், ஹேண்ட்லிங் எடுத்தது 1,200இல். நீங்கள் நினைத்த அதே 480தான் கழிந்திருக்கிறது, ஆனால் அது கழிந்தது சின்னத் தொகையிலிருந்து. சரியாக ஆயிரம் என்று வந்தது தற்செயல். போனஸ் 10க்கு 1 என்றிருந்தால் இந்த அழகான வட்ட எண் வந்திருக்காது, யாருக்கும் டைப்பிங் பிழை என்ற எண்ணமும் வந்திருக்காது.

ஆக அந்த ஆயிரத்தில் 900 ரூபா போனஸாலும் டிஸ்கவுண்டாலும் வந்தது. அது நியாயம். மிச்ச 100க்குத்தான் நீங்கள் வாய் திறக்கலாம்.

கொட்டாஞ்சேனைக் கடை

அது எப்படி நியாயம்? பத்துப் பெட்டி ஒரேயடியாக எடுத்ததால்தான் இரண்டு போனஸ் தந்தார்கள். அது நமது உழைப்பு, அவர்கள் போட்ட பிச்சை அல்ல. தந்த பிறகு அதைக் காட்டி விலையைக் குறைப்பது என்ன கணக்கு?

பழைய ரெப்

விற்ற பெட்டிகளில் போனஸ் லாபம் உங்களுக்குத்தான், அதை யாரும் கேட்கவில்லை. விற்காததைத் திருப்பும்போதுதான் பேச்சு வருகிறது. 12 பெட்டியையும் அப்படியே திருப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1,200இல் கிரெடிட் போட்டால் 14,400. கொடுத்ததோ 11,400. ஹேண்ட்லிங் 1,440 போனபிறகும் மருந்தை விற்காமலே 1,560 ரூபா லாபம். எந்தக் கொம்பனி இதற்குச் சம்மதிக்கும்? நான் வேலை செய்த காலத்தில் போனஸுக்காக அளவுக்கு மேல் எடுத்து, திகதி முடிந்ததும் முழு விலைக்குத் திருப்புகிற கடைகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் இந்த 950 கணக்கு வந்தது.

கொட்டாஞ்சேனைக் கடை

சரி, அதை விடுவோம். அதே வாயால் 1,200இல் ஏன் 10 வீதம் எடுத்தார்கள்? கொடுக்கும்போது சின்ன விலை, எடுக்கும்போது பெரிய விலையா?

பழைய ரெப்

அதைத்தான் நானும் சொல்கிறேன். 3,800இல் 480 என்றால் உண்மையில் 12.6 வீதம். கிரெடிட் நோட்டில் 10 என்று எழுதிவிட்டு 12.6 எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ரிட்டர்ன் பொலிசியில் ‘விலைப்பட்டியல் விலையில் 10 வீதம்’ என்று இருந்தால் உங்கள் வாதம் நிற்காது. சிலர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், லொறிக்கும் அழிப்புச் செலவுக்கும் பெட்டி எண்ணிக்கைதான் கணக்கு, நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதல்ல என்பது அவர்கள் நியாயம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

செக் விஷயத்தில் கொட்டாஞ்சேனை சொல்வதைச் செய்யாதீர்கள். 4,320ஐ வெட்டினால் அவர்கள் புத்தகத்தில் அந்த இன்வொய்ஸ் ஆயிரம் ரூபா பாக்கியுடன் திறந்தே நிற்கும். கிரெடிட் நாள் தாண்டியதும் பாக்கி என்று காட்டும், ஓடரைப் பிடித்து வைப்பார்கள். ஆயிரம் ரூபாவுக்காக இன்சுலின் வராமல் நின்றால் உங்கள் வாடிக்கையாளர்தான் அலைவார். கிரெடிட் நோட்டில் இருக்கும் 3,320ஐ மட்டும் கழியுங்கள், செக்கோடு போகும் தாளில் நோட் நம்பரை எழுதுங்கள். நூறு ரூபாவைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள்.

தெஹிவளை அக்கா

உங்களுக்கு 950 போட்டது அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஏஜென்ட் ‘திரும்பி வருவதில் முதலில் போனஸ்’ என்று கணக்குப் பார்த்தார். உங்கள் 4 பெட்டியையே அப்படிப் போட்டால் இரண்டு பூச்சியம், மற்ற இரண்டு டிஸ்கவுண்ட் கழித்து 1,140 வீதம் 2,280. அதில் 10 வீதம் போனால் 2,052. ஒரே சரக்குக்கு 3,420உம் வரலாம், 2,052உம் வரலாம், இரண்டுக்கும் பெயர் ‘10 வீத ஹேண்ட்லிங்’. அன்றிலிருந்து நான் போனஸ் ஓடர் போட முதல் ரெப்பிடம் கேட்பது ஒன்றுதான்: திரும்பி வந்தால் எந்த விலை? எழுதித் தரச் சொல்வேன். எழுதமாட்டேன் என்றால் போனஸே வேண்டாம், டிஸ்கவுண்டாகத் தா என்பேன்.

போனஸ் வேறு பட்ச்சில் வந்தால் பெட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு ‘போ’ போட்டு, எது முதலில் முடிகிறதோ அதை முன்னுக்கு வைப்போம். ஒரே பட்ச் என்றால் பிரிக்க வழியில்லை, அவர்கள் சொன்னதுதான்.

இன்னொன்று, ரெப் வரும்வரை அந்தப் பெட்டிகளை எங்கே வைத்திருந்தீர்கள்? எங்கள் பக்கம் ஒரு கடையில் ராக்கையிலேயே விட்டிருந்து, உணவு மருந்துப் பரிசோதகர் கண்ணில் பட்டுவிட்டது. "ஏஜென்ட் இன்னும் எடுக்கவில்லை" என்பதை அவர் கேட்கவில்லை. திகதி முடிந்த அன்றே தனிப் பெட்டி, டேப் சுற்றி, ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதி உள்ளுக்குப் போய்விட வேண்டும்.

மருந்துப்பெட்டி

தனிப் பெட்டியில்தான் இருந்தது அக்கா, மாமா அதில் மட்டும் கறார்.

பொலிசித் தாள் வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். ‘விலையில் 10 வீதம்’ என்றிருக்கிறது. எந்த விலை என்று இல்லை.

பழைய ரெப்

எழுதியவர் கெட்டிக்காரர். கடிதத்தில் சண்டை வேண்டாம், கேள்வியாகவே கேளுங்கள்: ‘எங்களுக்கு மதிப்பிட்ட விலை 950. ஹேண்ட்லிங்கும் அதே விலையில்தானே?’ ஒரே தாளில் ‘விலை’ என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து வைத்திருப்பதை அவர்களே விளக்கட்டும். ரிட்டர்ன் நோட், இன்வொய்ஸ், கிரெடிட் நோட் மூன்றினதும் கொப்பி வையுங்கள். கணக்குப் பிரிவுக்குப் போகட்டும், ரெப்பின் கையில் கொடுக்க வேண்டாம். அவருக்கு இதில் ஒரு சதமும் இல்லை, பையிலேயே கிடக்கும்.

உங்கள் ஸ்டொக் புத்தகத்தையும் திருத்துங்கள். 12 பெட்டியையும் 1,200இல் ஏற்றியதால் நட்டம் 1,480 என்று காட்டும். கையிலிருந்து போனது 480தான்.

தெஹிவளை அக்கா

அந்த ‘விலை’க்கு மூன்றாவது கருத்தும் உண்டு. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை வந்தபோது, பழைய விலைக்கு வாங்கிய சரக்கைத் திருப்பினேன். இன்வொய்ஸ் விலையையும் அன்றைய விலையையும் பார்த்து எது குறைவோ அதில்தான் போட்டார்கள். விலை கூடினால் மட்டும் பழைய இன்வொய்ஸைத் தேடுவார்கள்.

மருந்துப்பெட்டி

3,320 கழித்துச் செக் போய்விட்டது. கணக்குப் பிரிவில் ஒரு மிஸ் பேசினார், மரியாதையாகவே. மாத ஸ்டேட்மென்டில் பார்த்துச் சொல்கிறோம் என்றார், ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மாமா நூறு ரூபாவுக்கு இவ்வளவா என்கிறார். ஆனால் இந்த ஏஜென்டிடம் எல்லாமே போனஸில்தான் எடுக்கிறோம், வருடம் முழுக்க இதே கணக்குத்தான் ஓடியிருக்கும்.

கொட்டாஞ்சேனைக் கடை

பழைய ரெப் அண்ணை, உங்களால் இன்று என் ஃபைலையும் தூசி தட்டினேன். எனக்கு ஒரு சிக்கல். சிரப் வாங்கியதற்கு வேறு ஒரு குளிசை போனஸாக வந்தது. இப்போது திகதி முடிந்திருப்பது அந்தக் குளிசை. அதற்கு 950 எப்படிப் போடுவார்கள்?

பழைய ரெப்

அது வேறு தலைவலி. பெரும்பாலும் பூச்சியம் என்பார்கள். இன்வொய்ஸில் இரண்டும் ஒரே நம்பருக்குக் கீழ் இருக்கிறதா, தனித் தனியா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.