இரண்டு சம்பளச் சீட்டு, இரண்டிலும் வரி 0

புதுவேலை: 2025 அக்டோபரில் கம்பெனி மாறினேன். பழைய இடத்தில் மாதம் ஒரு லட்சம், புது இடத்தில் 1,40,000. புதிய வரி முறைதான். ஜனவரி கடைசியில் இரண்டு இடத்துச் சீட்டையும் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டிடிஎஸ் கட்டத்தில் இரண்டிலும் 0. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆறு ஆறு மாதம் கூட்டினால் 14,40,000. நிலைக் கழிவு 75,000 போனால் 13,65,000. வரி 84,750, செஸ் சேர்த்து 88,140. பழைய இடத்துச் சம்பளத்தைப் புது கம்பெனிக்குச் சொல்லும் 12பி படிவம் கொடுத்தேன். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 44,070 வீதம் பிடித்துவிட்டார்கள். முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ராம்_78: உங்களிடம் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள். 12 லட்சம் வரை வரியே கிடையாதே! மிச்சம் 1,65,000க்கு 15 சதவீதம், 24,750தான். ரிட்டர்ன் போட்டால் பாக்கி திரும்ப வரும்.

பேரோல்காரன்: வராது ராம். 12 லட்சம் வரை வரி உண்டு, அதை 60,000 தள்ளுபடி அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தாண்டினால் தள்ளுபடி போய்விடும், 4 லட்சத்துக்கு மேலே எல்லாவற்றுக்கும் கணக்கு வரும். 12,10,000 மாதிரி கொஞ்சமாகத் தாண்டினவருக்கு மட்டும், தாண்டிய 10,000க்கு மேல் வரி போகாதபடி சலுகை உண்டு. 13,65,000க்கு அது எட்டாது.

பேரோலையும் திட்டாதீர்கள். நாங்கள் பார்ப்பது எங்கள் சம்பளத்தை மட்டும். 8,40,000இல் 75,000 கழித்தால் 7,65,000, வரி 0. பழைய கம்பெனியும் வருஷத்துக்கு 12 லட்சம் என்று போட்டு அதே 0க்கு வந்திருக்கும். கழிவு, தள்ளுபடி இரண்டையும் ஆளுக்கொரு தடவை கொடுத்துவிட்டோம். இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன்: இந்த மாதப் பிடித்தத்தைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். வருஷ வரியைப் போட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மிச்ச மாதங்களால் வகுங்கள். சீட்டில் இருப்பது அதைவிடக் குறைவென்றால் மார்ச்சில் மொத்தமாக விழும். டெபாசிட் வட்டி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், நீங்கள் சொல்லாமல் எங்களுக்குத் தெரியாது.

மீண்டும்_மாலா: எனக்கு நேர்மாறு. மாதம் 2 லட்சம் சம்பளம், செப்டம்பரோடு வேலை போய்விட்டது. வருஷம் 24 லட்சம் என்று கணக்குப் போட்டு மாதம் 24,375 வீதம் ஆறு மாதம் பிடித்துவிட்டார்கள். அப்புறம் மார்ச் வரை ஒரு வருமானமும் இல்லை. உண்மையில் 11,25,000தான், வரி 0. 1,46,250 அரசிடம் கிடக்கிறது, கையில் காசில்லாத நேரத்தில். கடைசி மாதத்திலாவது திருத்தியிருக்கலாமே?

பேரோல்காரன்: மறுநாளே நீங்கள் வேறு வேலையில் சேர மாட்டீர்கள் என்று எப்படித் தெரியும் மாலா?

மீண்டும்_மாலா: புதுவேலையின் பழைய கம்பெனிக்கு மட்டும் அவர் வேறு வேலையில் சேருவார் என்று தெரிந்ததா? அங்கே 0, எனக்கு 24,375.

ராம்_78: சரி, தள்ளுபடி விஷயம் இப்போதுதான் புரிகிறது. என் டெபாசிட் வட்டியைக் கூட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.