வான் அலையா, அயனிவழிப் பரவலா: ஒரு கலைச்சொல்லுக்கான தேடல்

அழகப்பன், காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு எழுதும் எங்கள் ஊர் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். சிற்றலை மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறதே, அதற்குப் பள்ளிப் பாடநூல் 'வான் அலைப் பரவல்' என்கிறது. எனக்கு அது போதவில்லை. வானொலி, வானலை என்று எல்லா ஒலிபரப்புக்கும் இதே 'வான்' வந்துவிட்டது. "வானலையில் கேட்டேன்" என்று சொல்பவர் பண்பலையைக் கேட்டிருப்பார். பண்பலையோ அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும் ரகம். குழப்பாத ஒரு சொல் வேண்டும்.

சொக்கலிங்கம், தேவகோட்டை:

தம்பி அழகப்பன், நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். இது எளிது. பகலில் அயனி அடுக்கு தாழ்வாக இருக்கும், இரவில் உயரே போய்விடும். கண்ணாடியை உயரத் தூக்கிப் பிடித்தால் எதிரொளிப்பு தொலைவில் போய் விழும் அல்லவா? அதனால்தான் இரவில் கண்டம் விட்டுக் கண்டம் கேட்கிறது. இரவில் பயணிக்கும் அலை என்பதால் 'இரவலை' என்று வைத்துவிடலாம். மாணவர்களுக்கு ஒரே சொல்லில் காரணமும் விளங்கிவிடும்.

உமையாள், பள்ளத்தூர்:

நான் படிப்பாளி இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் வீட்டு முகப்பில் மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. இலங்கை வானொலி அதில் காலையிலும் கேட்கும், மத்தியானமும் கேட்கும், இரைச்சல் இல்லாமல் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. கடல் தாண்டித்தானே வந்தது? இரவில்தான் வரும் என்றால் அது எப்படிப் பகலில் வந்தது?

மீனாட்சி, கானாடுகாத்தான்:

உமையாள் ஆச்சி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பகலில் கேட்டது மத்திய அலை. அது அயனி மண்டலத்துக்குப் போகவே இல்லை, தரையை ஒட்டியே வந்தது. காய்ந்த மண்ணில் தரை அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் அவ்வளவாகத் தேயாது. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் பெரும்பகுதி பாக் நீரிணைதான். அதனால் உங்கள் பெட்டிக்குப் பகலிலும் தெளிவாக வந்தது. அழகப்பன் தேடும் சொல் இந்த அலைக்கு உரியது அல்ல. அது தரை அலை, அந்தப் பெயரில் யாருக்கும் தகராறு இல்லை.

சொக்கலிங்கம் ஐயா சொன்னதில் பாதி சரி. இரவில் திரும்பும் உயரம் கூடும், ஒரு தாவலின் நீளமும் கொஞ்சம் கூடும். ஆனால் இரவில் தொலைதூரம் கேட்பதற்கு அது முதன்மைக் காரணம் இல்லை. இரவில் மேலடுக்கு பலம் இழக்கிறது என்பதைச் சொன்னால் வியப்பாக இருக்கும். பகலில் ஒரு கன மீட்டரில் லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால், இரவில் அது பத்தாயிரம் கோடிக்கு இறங்கிவிடலாம். பலம் குறைந்த பிறகும் எப்படித் தூரம் போகிறது?

தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்குதான் பகலில் வழியை அடைக்கிறது. அங்கே காற்று இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. அலை வந்து எலக்ட்ரானை அசைக்கும்போது, அது அந்த ஆற்றலை அலைக்குத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு காற்று மூலக்கூறின்மேல் மோதிவிடும். ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். சூரியன் மறைந்ததும், அதே அடர்த்தியால் எலக்ட்ரான்கள் அயனிகளோடு சட்டென்று சேர்ந்துவிட, டி அடுக்கு கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போகிறது. 300 கிலோமீட்டர் உயரத்து எஃப் அடுக்கில் காற்று மிக மெலிது. அங்கே எலக்ட்ரான்கள் விடியும்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இரவில் விழுங்கும் அடுக்கு போய்விடுகிறது, திருப்பும் அடுக்கு மெலிந்தாலும் மிஞ்சுகிறது. நடப்பது இவ்வளவுதான்.

'இரவலை' எனக்கு ஒப்பவில்லை. அதிர்வெண் இரட்டித்தால் டி அடுக்கின் விழுங்கல் ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும். அதனால் 15, 21 மெகா ஹெர்ட்ஸில் பட்டப்பகலிலேயே கண்டம் தாண்டுகிறார்கள். அதுவும் இதே பரவல்தான்.

கணேசன், காரைக்குடி:

நான் மெய்ப்புப் பார்ப்பவன், அந்தக் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். 'இரவலை' என்று அச்சில் பார்த்தால் முதலில் 'இரவல்' என்ற சொல்தான் நினைவுக்கு வரும்: "இரவலைத் திருப்பிக் கொடு". வளைந்து வருவதால் 'வளையலை' என்றால் கைவளையல் ஆகிவிடும். மீண்டு வருவதால் 'மீளலை' என்றால் பேச்சுவழக்கில் 'மீளவில்லை' என்று பொருள்பட்டு நேர் எதிராகப் போய்விடும். 'அலை'யை இப்படி ஒட்டினால் எங்கேயாவது இடிக்கிறது. 'பரவல்' என்று முடிக்கும் சொல்லாகத் தேடுவோமா?

அழகப்பன்:

கணேசன் சொல்வது நடைமுறைக்குச் சரி. மீனாட்சி அக்கா, இரவு விஷயத்தில் நான் காதால் கேட்டதை வைக்கிறேன். டிசம்பரில் 7 மெகா ஹெர்ட்ஸில் இத்தாலி நிலையங்களுக்காக உட்காருவேன். இங்கே 6 மணிக்கே இருட்டிவிடும். 7 மணிக்கு ஒன்றும் வராது. 8 மணிக்கும் வெறும் இரைச்சல்தான். 9 மணி நெருங்கும்போது மெதுவாகத் தலைகாட்டி, பத்தரைக்கெல்லாம் ரோம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். நம் ஊர் இருட்டு மட்டும் போதுமென்றால் இந்த மூன்று மணி நேரம் ஏன்?

மீனாட்சி:

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ரோமில் டிசம்பரில் சூரியன் மறைவது அவர்கள் கடிகாரத்தில் 4:40 வாக்கில். நமக்கு அப்போது இரவு 9:10.

காரைக்குடிக்கும் ரோமுக்கும் சுமார் 7,300 கிலோமீட்டர். எஃப் அடுக்கில் ஒரு தாவலுக்கு 4,000 கிலோமீட்டர்தான் உச்சம், அதற்குமேல் பூமியின் வளைவு விடாது. ஆகவே குறைந்தது இரண்டு தாவல். ரோமிலிருந்து கிளம்பிய அலை மேலே திரும்பி, பாரசீக வளைகுடாவின் வடகோடிப் பக்கம் தரையைத் தொட்டு, மறுபடி எழுந்து, திரும்பி, உங்கள் கம்பிக்கு வருகிறது. ஏறும்போதும் இறங்கும்போதுமாக டி அடுக்கை நான்கு முறை கடக்கிறது. அதுவும் சாய்வாக நுழைவதால் அந்த அடுக்குக்குள் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது. நான்கில் ஒன்று வெயிலில் இருந்தாலும் 7 மெகா ஹெர்ட்ஸ் நன்றாக அடிபடும். நம் பக்கம் இருட்டிய பிறகும் ரோமின் முதல் ஏற்றம் வெயிலில் கிடக்கிறது. அந்த வெயில் சாயச் சாய உங்களுக்குக் குரல் எழும்புகிறது. விடியற்காலையில் இதே கதை நம் முனையில் நடக்கும். ஆறரைக்கு இங்கே சூரியன் வந்ததும் அவர்கள் மங்கத் தொடங்குவார்கள், ரோமில் அப்போது நடுநிசி தாண்டிய இருட்டாக இருந்தாலும்.

சொக்கலிங்கம்:

விளக்கம் நன்று. ஆனால் அடுக்கு உயர்கிறது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள், அதைக் கையேட்டில் விட்டுவிட வேண்டாம். பெயருக்கு இன்னொன்று சொல்கிறேன்: 'எதிரொளிப் பரவல்'. கண்ணாடி எடுத்துக்காட்டு பாடநூலிலேயே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழக்கமானது.

மீனாட்சி:

அங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள் ஐயா. கண்ணாடி எந்தக் கோணத்தில் வந்தாலும் திருப்பிவிடும். எஃப் அடுக்கு அப்படிச் செய்யாது. மேலே போகப்போக எலக்ட்ரான் கூடுவதால் அலை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து திரும்புகிறது. செங்குத்தாக வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்வரைதான் அதனால் திருப்ப முடியும், அதுதான் மாறுநிலை அதிர்வெண். நான் முன்பு சொன்ன பகல் கணக்குக்கு அது 9 மெகா ஹெர்ட்ஸ். எலக்ட்ரான் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இது வர்க்கமூலப்படிதான் குறையும், 2.8க்கு இறங்கும்.

அழகப்பன், பகலில் நீங்கள் 7 மெகா ஹெர்ட்ஸில் சென்னையோடு பேசுவீர்கள் அல்லவா? இரவில் என்ன ஆகிறது?

அழகப்பன்:

பல நாள் இரவில் சென்னை அறவே போய்விடும் அக்கா. ரோம் கேட்கும், சென்னை கேட்காது. புதிதாக வரும் பையன்கள் ஆன்டெனா கெட்டுவிட்டது என்று கூரையில் ஏறிவிடுகிறார்கள்.

மீனாட்சி:

சென்னை நேர்க்கோட்டில் சுமார் 370 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் உயரத்தில் திரும்பி அங்கே இறங்க வேண்டுமென்றால் அலை ஏறக்குறைய நிமிர்ந்தே ஏற வேண்டும். அந்தக் கோணத்தில் 2.8 கொஞ்சம் உயர்ந்து 3.3 ஆகும், அவ்வளவுதான். 7 துளைத்துக்கொண்டு போய்விடும். ரோமுக்குப் போவது தாழ்ந்த சாய்வில் நுழைவதால் 2.8 ஏறக்குறைய மூன்று மடங்காகி 8க்கு மேல் போகிறது. 7 அதற்குள் அடங்கும், திரும்பும். அதே இரவில் 15 மெகா ஹெர்ட்ஸ் எந்தச் சாய்விலும் திரும்பாது. நம் பக்கம் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் முன்னிரவில் எலக்ட்ரான் இதைவிட அதிகம் தங்கிவிடுவது உண்டு, அந்த நாட்களில் சென்னை நெடுநேரம் நிற்கும். ஆன்டெனா கெட்டதா என்று பார்க்க எளிய வழி, தூர நிலையம் ஏதாவது கேட்கிறதா என்று தேடுவது. தூரம் கேட்டுக் கிட்டம் கேட்காவிட்டால் கூரையில் ஏறவேண்டாம்.

பெயர் 'அயனிவழிப் பரவல்' என்று இருக்கட்டும் என்பது என் கருத்து. தரைவழி, அயனிவழி என்று இணையாக நிற்கும். பகல், இரவு, கண்ணாடி எதையும் உள்ளே இழுக்காது.

கணேசன்:

அக்கா, நீங்கள் எல்லா இடத்திலும் எலக்ட்ரானைத்தானே சொன்னீர்கள்? அலையை வளைப்பது எலக்ட்ரான் என்றால் 'அயனிவழி' சரியாகுமா?

மீனாட்சி:

நியாயமான கேள்வி. அயனிகள் கனமானவை, இந்த அதிர்வெண்ணுக்கு அவை அசைவதே அரிது. வேலை முழுக்க எலக்ட்ரானுடையது. ஆனால் மண்டலத்தின் பெயரே அயனி மண்டலம் என்று நிலைத்துவிட்டது. அந்த மண்டலத்தின் வழியாக என்று கொண்டால் பிழையில்லை.

சொக்கலிங்கம்:

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தேர்வில் 'வான் அலைப் பரவல்' என்று எழுதினால்தான் மதிப்பெண். புதுச்சொல்லை மட்டும் படித்த பிள்ளை வினாத்தாளைப் பார்த்து விழிக்கும்.

அழகப்பன்:

ஐயா, தலைப்பில் பாடநூல் சொல்லையே வைக்கிறேன். முதல் பத்தியில் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டு உள்ளே 'அயனிவழிப் பரவல்' என்று எழுதுகிறேன். அடுக்கு உயர்வதையும் ஒரு பத்தியில் சேர்க்கிறேன். ஆனால் சென்னை விழுந்துவிடும் அந்த இடைவெளிக்கு இன்னும் சொல் இல்லை. தரை அலை தேய்ந்த இடத்திலிருந்து முதல் தாவல் இறங்கும் இடம்வரை உள்ள வளையம். 'தாவு வெளி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உமையாள்:

தாவு வெளி என்றால் தாவிக் குதிக்கிற மைதானம் மாதிரி இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது, அவ்வளவுதானே? 'கேளா வளையம்' என்று சொன்னால் எனக்கே புரிகிறது.

மீனாட்சி:

நன்றாக இருக்கிறது ஆச்சி. ஒரே தயக்கம், அங்கே சிதறி வரும் மெல்லிய ஓசை சில சமயம் கேட்கும். அழகப்பன், முன்னிரவில் தூரத்துக் குரல் படபடவென்று நடுங்கி வருமே, அதற்கும் ஒரு சொல் தேவை. இருட்டிய பின் காந்த நடுக்கோட்டுப் பக்கம் எஃப் அடுக்கில் எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் மேலெழுவதால் வருவது, நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது. 'நடுக்கம்' என்று விட்டால் நிலநடுக்கத்தோடு போகும். யாராவது யோசியுங்கள்.