ஹேண்டோவர் நோட்டுக்கு என்ன பேர் வைக்கலாம்?

கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசத்தோட நம்ம ஊர் வலைப்பதிவோட எடிட்டர் வேலைய விடுறேன். அடுத்து வர்ற தங்கச்சிக்கு ஹேண்டோவர் நோட் எழுதிட்டிருக்கேன், தலைப்பு தமிழ்ல வேணும். இங்க மலையாளத்துல கைமாற்றம்னு சொல்றதால 'கைமாற்றுக் குறிப்பு'ன்னு போட்டேன். சரியா வருமா?

பொள்ளாச்சி

வேணாங்க, கைமாத்துன்னா எங்களுக்கு வட்டியில்லாம வாங்குற கடன்தான். கடன் கணக்கு எழுதுன சீட்டுன்னு நெனச்சுக்குவாங்க. 'ஒப்படைப்புக் குறிப்பு'ன்னு வைங்க. பாஸ்வேர்ட குடுத்தா ஒப்படைச்ச மாதிரிதானே.

சித்தூர், பாலக்காடு

நான் ஸ்கூல்ல சார்ஜ் குடுத்தப்ப சாவி, ஸ்டாக் ரெஜிஸ்டர் எல்லாம் எண்ணிப் பாத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதனால 'பொறுப்பேற்புச் சான்று'ன்னு வைக்கலாமே தம்பி.

வாளையார்

சார், நீங்க சொல்றது கையெழுத்துக் காகிதம். இது வேலை எப்படி ஓடுதுன்னு சொல்ற குறிப்பு, ரெண்டும் வேற. பொள்ளாச்சி அண்ணா சொன்னது பாதிதான் சரி. பாஸ்வேர்ட மட்டும் குடுத்தா கணக்கு பழைய ஆள் பேர்லயே இருக்கும், ஓடிபி அவர் போனுக்கே போகும். வேர்ட்பிரஸ்னா தங்கச்சிக்குத் தனிக் கணக்கு போட்டு, அவங்க உள்ள நுழைஞ்சு பாத்ததுக்கு அப்புறம்தான் பழச எடுக்கணும். `Administration Email Address` மாத்துனா புது முகவரிக்கு வர்ற லிங்க்க அழுத்துற வரைக்கும் பழசுதான் நிக்கும், அதயும் பாத்துக்கங்க.

நான் பாத்த ஒரு கேஸ். போன எடிட்டரோட கணக்க அழிக்கிறப்ப `Attribute all content to` தேர்ந்தெடுக்காம `Delete all content` விட்டுட்டாங்க, அவர் எழுதுனதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு. நேரம் குறிச்சு வச்சிருந்த பதிவும் அதோட போச்சு. பழைய லிங்க் எதுவும் திறக்கலன்னு ஒரு வாசகர் சொன்னப்பதான் தெரிஞ்சது. 30 நாளுக்குள்ள தெரிஞ்சதால மீட்டோம், அதுக்கு மேலன்னா குப்பையும் தானா காலியாயிடும்.

குடுக்கிறதும் வேணும், விடுறதும் வேணும். அதனால நான் 'பொறுப்பு மாற்றுக் குறிப்பு'ன்னு சொல்வேன்.

பொள்ளாச்சி

நீளமா இருக்குங்க. எனக்கு இன்னும் ஒப்படைப்புதான் புடிக்குது, இலங்கைல கையளிப்புன்னு சொல்றாங்க, அதுவும் நல்லாதான் இருக்கு.

கொழிஞ்சாம்பாறை

அக்கா, நேரம் குறிச்ச பதிவுன்னதும் நம்மதப் போய் பாத்தேன். டைம்சோன் `UTC+0`ல இருக்கு, காலைல 6 மணிக்குன்னு போட்ட விஷுப் பதிவு நமக்கு 11:30க்குத்தான் வந்திருக்கும். `Kolkata`ன்னு மாத்திட்டு, நேரத்தையும் மறுபடி குறிச்சேன், நோட்டோட காலண்டர் பகுதில எழுதியும் வச்சேன். நடை விதில ஒண்ணு சேத்தேன்: சித்தூர்னு எழுதுனா பாலக்காடா ஆந்திராவான்னு மாவட்டத்தோட சொல்லணும், முன்னாடி ஒருதடவ பஸ் சேதில இதால குழப்பம் வந்திருக்கு.

தலைப்புல 'பொறுப்பு மாற்றுக் குறிப்பு'ன்னு போட்டுட்டேன், உள்ள அணுகல் பகுதிக்கு மட்டும் ஒப்படைப்பு. இன்னொண்ணு பாக்கி. பாதில நிக்குற 3 டிராஃப்ட், அதுல ஒண்ணுக்கு எழுதுனவர்கிட்ட படம் வரணும், இன்னொண்ணு நான் பாத்து முடிக்கல, மூணாவதுக்கு எழுதுனவர் சம்மதம் சொல்லணும். மூணையும் 'நிலுவை வரைவு'ன்னு ஒரே பேர்ல போட்டா தங்கச்சிக்கு யார்கிட்ட கேக்கணும்னு தெரியாது. இதுக்குத் தனித்தனியா பேர் இருக்கா?