முகத்தை வெளிச்சமாக்கினால் வெள்ளைச் சட்டையிலும் கசவுச் சேலையிலும் இழை மறைகிறது: உதவி தேவை

இளங்கோ: வணக்கம். வேப்பமர நிழலில் என் பெற்றோரை எடுத்த படத்தை லைட்ரூம் கிளாசிக்கில் திருத்துகிறேன். அப்பா வெள்ளைக் கதர்ச் சட்டையும் அம்மா கசவுச் சேலையும் அணிந்திருக்கிறார்கள். கோப்பு ரா வடிவில் உள்ளது. முகங்கள் இருண்டிருந்ததால் Exposure அளவை +1.10 வரை ஏற்றினேன். முகங்கள் தெளிந்தன, ஆனால் கதரின் முரட்டு இழையும் சேலை மடிப்பும் கரைந்துவிட்டன. J விசையை அழுத்திப் பார்த்தாலும் சிவப்பு எச்சரிக்கை எங்கும் தோன்றவில்லை. அப்படியானால் இழை எங்கே போனது?

பரிமளா: Highlights அளவை −100 வரை இறக்குங்கள். ரா கோப்பு என்பதால் எல்லாம் திரும்பிவிடும். திருமணப் படங்கள் அனைத்துக்கும் நான் இதையே செய்கிறேன்.

இளங்கோ: செய்து பார்த்தேன், அம்மா. இழை ஓரளவு வந்தது. ஆனால் சட்டை சாம்பல் பூத்துவிட்டது. அப்பாவின் நரைமுடியும் நெற்றியின் பளபளப்பும் மங்கிவிட்டன.

சங்கரன்: தம்பி, சட்டையின் மேல் சுட்டியை வைத்து, ஹிஸ்டோகிராமுக்குக் கீழே காட்டப்படும் R, G, B விழுக்காடுகளைப் படியுங்கள். மூன்றும் 97, 98 என்று நிற்கும் என நினைக்கிறேன். நிறம் உச்சத்தைத் தொட்டால்தான் சிவப்பு எச்சரிக்கை வரும். ஆனால் இழைக்கும் அதன் இடுக்கின் நிழலுக்கும் உள்ள வேறுபாடு அதற்கு முன்பே ஓரிரு விழுக்காட்டுக்குள் நெருக்கப்பட்டுவிடுவதால், கண்ணுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். பரிமளா அம்மா சொன்ன வழி தவறன்று. அதைப் படம் முழுவதற்கும் போட்டதுதான் சிக்கல்.

பொது Exposure அளவை +0.40 அளவில் நிறுத்துங்கள். பிறகு மாஸ்க்கில் People வழியாக Face Skin, Body Skin இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து, அங்கு மட்டும் +0.60 ஏற்றுங்கள். முகத்தை மட்டும் தேர்ந்தால் கழுத்து கறுத்து நின்று, முகம் ஒட்டவைத்ததுபோலத் தோன்றும். அடுத்து Clothes மாஸ்க்கில் Highlights −30, Texture +15 கொடுத்து, சட்டையின் வெளிச்சப் பகுதி 90ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கும் கீழே இறக்கினால் மீண்டும் சாம்பல் பூக்கும்.

மேரி: என் மகளின் முதல் நற்கருணைப் படத்திலும் வெள்ளைக் கவுன் இப்படித்தான் இருக்கிறது. கைபேசியில் எடுத்த ஜேபெக் அது. எங்கு தொட்டாலும் 100 காட்டுகிறது. இதே வழி உதவுமா?

சங்கரன்: உதவாது, அம்மா. மூன்று நிறங்களும் 100ஐத் தொட்ட இடத்தில் மீட்க எதுவும் பதிவாகவில்லை. இறக்கினால் தட்டையான சாம்பல்தான் கிடைக்கும். கவுனை விட்டுவிட்டு முகத்தை மட்டும் திருத்துங்கள்.

இளங்கோ: ஐயா, எண்கள் நீங்கள் சொன்னபடியே இருந்தன. இப்போது கதரின் முடிச்சு இழைகள்கூடத் தெரிகின்றன, முகமும் பொருந்துகிறது. ஆனால் சேலையின் ஜரிகைக் கரை மட்டும் இன்னும் மஞ்சள் பட்டையாகத்தான் இருக்கிறது. அங்கு R 99, B 61 காட்டுகிறது. கரையைத் தனியாகத் தூரிகையால் தேர்ந்து இறக்கினால் தங்க நிறம் பழுப்பாகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.